‘உனக்கு எப்படித் தெரியும்?’ - சாட்சி சொல்லும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி

‘எல்லாரும் ஒன்று சேர்ந்து சாதியைச் சொல்லித் திட்டி, கட்டையால் அடித்தார்கள்.’

வன்கொடுமை வழக்குகளின் கட்டுகளைப் புரட்டினால் இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். புகாரில் இருக்கும். முதல் சாட்சியின் வாக்குமூலத்தில் இருக்கும். இரண்டாம், மூன்றாம் சாட்சிகளின் வாக்குமூலங்களிலும் எழுத்து மாறாமல் இருக்கும். நடந்தது உண்மை, அடிபட்டதும் உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் முதலில் உடைவது இந்த வாக்கியம்தான். எல்லாரும் என்றால் யார் யார்? திட்டியது யார், அடித்தது யார்? எந்தச் சொல்லால் திட்டினார்? எங்கே நின்று? அதை நீ எங்கிருந்து பார்த்தாய்? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த வாக்கியத்துக்குள் பதில் இல்லை.

சாட்சி என்பவர் வழக்கை ஜெயிக்க வைப்பவர் அல்லர். தன் கண் பார்த்ததையும் தன் காது கேட்டதையும் கொண்டு வந்து சேர்ப்பவர். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பார்த்த விஷயத்தைப் பார்த்தவரும், கேட்ட விஷயத்தைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் 55ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. நம் மக்கள் சொல்லும் சாட்சியம் எங்கே பலமாகிறது, எங்கே சரிகிறது என்பதை ஒரு சம்பவத்தை வைத்தே பார்த்துவிடலாம். இது கற்பனைச் சம்பவம். ஆனால் ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் எந்தக் கிராமத்திலும் நடக்கக் கூடியது.

சம்பவம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காலனி இளைஞர் ஒருவர் டவுனில் மருந்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்புகிறார். ஊர்த் தெருவில், ரேஷன் கடை வளைவில் மூன்று பேர் வண்டியை மறிக்கிறார்கள். ஒருவர், ‘எங்க தெருவுல வண்டியில உக்காந்துகிட்டா போற? இறங்கித் தள்ளிக்கிட்டுப் போடா’ என்று சாதிப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார். இளைஞர் மறுக்கிறார். இரண்டாமவர் கட்டையால் அவருடைய இடது தோளில் அடிக்கிறார். மூன்றாமவர் வண்டியை உதைத்துத் தள்ளுகிறார்.

இதற்கு மூன்று சாட்சிகள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அறுபத்தைந்து வயதுப் பாட்டி. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்ற கல்லூரி மாணவி. தகவல் கேட்டுக் காலனியிலிருந்து ஓடிவந்த இளைஞரின் அண்ணன். அன்று இரவே காலனியில் எல்லாரும் கூடிப் பேசுகிறார்கள். மறுநாள் மூவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: ‘எல்லாரும் ஒன்று சேர்ந்து சாதியைச் சொல்லித் திட்டி, கட்டையால் அடித்தார்கள்.’

இதற்குப் பதில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கு நான்கு பதில்கள்தாம் வர முடியும். கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டேன். இன்னார் சொன்னார். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். முதல் இரண்டும் சாட்சியம். மூன்றாவது, போலீஸ் அடுத்து யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதற்கான வழி. நான்காவதை வாக்குமூலத்தில் சேர்க்கவே கூடாது.

பாட்டி பார்த்தது

பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டால் இப்படிச் சொல்வார்: ‘குழாயடியில இருந்தேன். அங்கயிருந்து வளைவுக்கு ஒரு இருபது தப்படி இருக்கும். தெரு லைட் எரிஞ்சுது. மூணு பேரையும் எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். அதுல இன்னார்தான் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போன்னு சொன்னது. இன்னார் கையில கட்டை இருந்துச்சு. அதால தோள்ல ஒரு அடி அடிச்சதப் பார்த்தேன். இன்னொருத்தர் வண்டிய உதைச்சாரு. அப்புறம் நான் குடத்தப் போட்டுட்டு ஓடினேன்.’

‘எல்லாரும்’ என்ற ஒற்றைச் சொல் இங்கே மூன்று பேராகவும் மூன்று செயல்களாகவும் பிரிந்துவிட்டது. யார் எதைச் செய்தார் என்று தெரிந்தால்தான் ஒவ்வொருவர் மீதும் குற்றம் நிற்கும். ‘அனைவரும் தாக்கினர்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால், தனித்தனியே குற்றச்சாட்டு இல்லை என்று சொல்லி ஒவ்வொருவராக வெளியே வர வழி கிடைத்துவிடும்.

பாட்டி நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்காதவர் ‘மாலை 6.40 மணி’ என்று சொன்னால், அது யாரோ சொல்லிக்கொடுத்த நேரம் என்று குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடும். ‘தண்ணி விட்ட நேரம்’, ‘ஆறரை பஸ் போன கொஞ்ச நேரத்துல’ என்று தனக்குத் தெரிந்த அடையாளத்தால் சொன்னால் போதும். குழாயில் எப்போது தண்ணீர் விடப்படும் என்று பஞ்சாயத்து ஆபரேட்டரிடம் போலீஸ் கேட்டுக்கொள்ளும். தூரமும் அப்படித்தான். மீட்டர் தெரியாவிட்டால் தப்படி, கரண்ட் கம்பம், வீடு என்று எண்ணிச் சொல்லலாம். போலீஸ் பிறகு அந்த இடத்தில் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார்கள். குழாயடி, தெருவிளக்கு, வளைவு மூன்றும் அதில் இடம்பெற்றால் பாட்டியின் வார்த்தைக்கு அந்த இடமே துணை நிற்கும்.

‘கொல்லணும்னுதான் அடிச்சாங்க’ என்றும் பாட்டி சொல்லக்கூடும். எப்படித் தெரியும் என்று கேட்டால், ‘அப்படித்தான இருக்கும்’ என்பார். இது நான்காவது வகை. அடித்தவரின் மனதை யாரும் பார்க்க முடியாது. அவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்க முடியும். ‘உன்ன உயிரோட விடமாட்டேன்’ என்று சொன்னது காதில் விழுந்திருந்தால் அந்த வார்த்தையை அப்படியே சொல்லலாம். விழவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

மாணவி கேட்ட சொல்

மாணவியின் நிலை வேறு. வண்டியை மறித்ததைப் பார்த்தார். சாதிச் சொல்லைத் தெளிவாகக் கேட்டார். ஆனால் அந்த நேரத்தில் மினி பஸ் வந்து முன்னால் நின்றுவிட்டது. பஸ் நகர்ந்தபோது இளைஞர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடி விழுந்ததை மாணவி பார்க்கவில்லை.

‘நீ படித்த பெண், நீயும் அடித்ததைப் பார்த்ததாகச் சொன்னால்தான் கேஸ் நிற்கும்’ என்று உறவினர்கள் வற்புறுத்துவார்கள். இங்கேதான் பல வழக்குகள் கெடுகின்றன. மினி பஸ் வந்து நின்றதை டிரைவரோ கடைக்காரரோ நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால், பார்க்காத அடியைப் பார்த்ததாகச் சொன்ன மாணவி உண்மையில் கேட்ட சாதிச் சொல்லின் மீதும் சந்தேகம் விழும். ‘சொல்லைக் கேட்டேன். அடித்ததை நான் பார்க்கவில்லை, பஸ் மறைத்துவிட்டது. பஸ் போன பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவர் கையில் கட்டை இருந்தது’ என்று அவர் சொன்னால், பார்க்கவில்லை என்ற அந்த ஒரு வாக்கியமே மற்ற எல்லாவற்றுக்கும் பலம் தரும். அடியைச் சொல்லப் பாட்டி இருக்கிறார், காயத்தைச் சொல்ல டாக்டர் இருக்கிறார்.

மாணவி தயங்காமல் செய்ய வேண்டியது, கேட்ட சாதிச் சொல்லை அப்படியே சொல்வது. நம் பெண்கள் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். ‘சாதியைச் சொல்லி அசிங்கமாகப் பேசினார்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். எழுதும் போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொள்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் திட்டுவதைக் குற்றம் என்கிறது. எந்தப் பெயர் என்பது பதிவில் இல்லாவிட்டால் எதை வைத்து இந்தக் குற்றத்தை நிரூபிப்பது? அந்தச் சொல்லை இந்தப் பத்தியில் நாம் அச்சிடப் போவதில்லை. ஆனால் வாக்குமூலத்தில் அது முழுதாக இருக்க வேண்டும். சொன்னவருக்குத்தான் அது அவமானம், கேட்டதைச் சொல்லும் சாட்சிக்கு அல்ல.

‘இறங்கித் தள்ளிக்கிட்டுப் போடா’ என்ற சொற்களும் அப்படியே பதிவாக வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது தனிக் குற்றம். சாட்சி இதை ‘வண்டியை நிறுத்தித் தகராறு செய்தார்கள்’ என்று சுருக்கிவிட்டால் அந்தக் குற்றம் வாக்குமூலத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்’ என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே உள்ள இடம் தனியாருடையதாக இருந்தாலும், சாலையில் நிற்பவர் பார்க்க முடிந்தால் அது இந்த வரையறைக்குள் வரும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நான்கு சுவர்களுக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020இல் சொன்னது. 2025 ஜனவரியில், திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றில், அரசு அலுவலக அறைக்குள் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான் சக ஊழியர்கள் வந்தார்கள் என்பதால் அந்த வழக்கையே ரத்து செய்தது. ஆகவே எங்கே நின்று திட்டினார்கள், அந்த நேரத்தில் வேறு யார் அங்கே இருந்தார்கள் என்பது துணைத் தகவல் அல்ல, குற்றத்தின் ஒரு பகுதி. நம் மாணவி ‘ரேஷன் கடை வளைவு, தார் ரோடு, டீக்கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியும்’ என்று சொன்னால் அந்தப் பகுதி நிறைவேறுகிறது. இல்லாத ஆளை இருந்ததாகச் சேர்க்கக் கூடாது. இருந்த ஆளை, அவர் நமக்குச் சாதகமாகப் பேச மாட்டார் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது.

அண்ணன் கேள்விப்பட்டது

அண்ணன் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை. போன் வந்தது, ஓடினார். கோபத்தில் அவரும் ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்லத் தயாராக இருப்பார். பார்க்க முடியாத இடத்தில் இருந்தவர் பார்த்ததாகச் சொன்னால், அவருடைய போன் எந்த டவரில் இருந்தது என்ற ஒரு தாளே போதும், மொத்தச் சாட்சியத்தையும் சரிக்க.

ஆனால் அண்ணனிடம் சொல்ல நிறைய இருக்கிறது. யாரிடமிருந்து போன் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்பது அவருடைய போனிலேயே இருக்கும். போனபோது தம்பி எங்கே கிடந்தார், வண்டி எப்படிக் கிடந்தது, அங்கே யார் நின்றார்கள், தம்பியின் சட்டை எப்படி இருந்தது, எந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் என்பதெல்லாம் அவரே பார்த்தவை. ‘இன்னார் கட்டையால அடிச்சிட்டாரு’ என்று தம்பி அந்த இடத்திலேயே, வலியோடு சொன்னது அவர் காதில் விழுந்திருந்தால் அதையும் சொல்லலாம். ஆனால் ‘இன்னார் அடித்தார்’ என்று சொல்லாமல், ‘இன்னார் அடித்ததாகத் தம்பி என்னிடம் அங்கேயே சொன்னான்’ என்று சொல்ல வேண்டும். சம்பவத்தோடு ஒட்டி வந்த பேச்சைச் சில சமயம் நீதிமன்றம் ஏற்கும். ஏற்பதா இல்லையா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

அண்ணன் அறியாமலே ஒரு தவறு நேரும் இடம் ஆஸ்பத்திரி. அடிபட்டவரைச் சேர்க்கும்போது, யார், எத்தனை பேர், எதால் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அடிபட்டவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, கூட வந்தவர் முந்திக்கொண்டு ‘பத்துப் பேர் அரிவாளோடு வந்தாங்க’ என்று பதற்றத்தில் சொல்லிவிடுவார். டாக்டர் எழுதிவிடுவார். பிறகு வழக்கில் மூன்று பேர், கட்டை என்று வரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் தாள் அந்தப் பதிவேடுதான். ‘தெரிந்த நபர்களா, தெரியாத நபர்களா’ என்பதும் அதில் பதிவாகும். அடிபட்டவர் பேச முடிந்தால் அவரே பதில் சொல்லட்டும். முடியாவிட்டால், கூட வந்தவர் ‘நான் பார்க்கவில்லை, அடித்ததாகச் சொன்னார்கள்’ என்று மட்டும் சொல்லட்டும்.

ஆயுதத்திலும் இதே எச்சரிக்கை தேவை. கட்டையால் பட்ட காயமும் அரிவாளால் பட்ட காயமும் டாக்டர் கண்ணுக்கு வேறு வேறு. இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்றால் ‘கையில் நீளமாக ஏதோ இருந்தது, என்னவென்று தெரியவில்லை’ என்பதே சரியான சாட்சியம்.

அடித்தவரின் பெயர் தெரியாத நேரமும் உண்டு. அப்போது ஊரில் கேட்டுப் பெயரைத் தெரிந்துகொண்டு, முன்பே தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது. ‘பெயர் தெரியாது, முகத்தைப் பார்த்தால் அடையாளம் சொல்வேன்’ என்று சொல்லி, உயரம், வயது, உடை ஆகியவற்றைச் சொல்லலாம். அடையாள அணிவகுப்பு நடத்துவது போலீஸ் வேலை. பிறகு ஒருவர் பெயரைச் சொல்லியிருந்தால், யார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுதப்படும் இடத்தில்

வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அவர் சாட்சியைத் தனியாகக் கேட்பார். நம் பாட்டியைப் போல அறுபது வயதைத் தாண்டியவர்களும் பெண்களும் விசாரணைக்காகக் காவல் நிலையம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும்.

புகார் கொடுப்பவர் புகாரில் கையெழுத்துப் போடுவார். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியிருந்தால், கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்டுவது அதிகாரியின் கடமை என்று இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். கையெழுத்து இல்லாததாலேயே, எழுதப்பட்டது என்ன என்று தெரியாமல் சாட்சிகள் எழுந்து வந்துவிடுகிறார்கள். ‘ஐயா, எழுதினத ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க’ என்று கேட்கலாம். தவறு இருந்தால் அங்கேயே சொல்லலாம். திருத்த மறுத்தால், தான் சொன்னது இதுதான் என்று தேதியிட்டு எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இது ஏன் முக்கியம்? போலீஸிடம் சொல்லாத முக்கியமான விஷயத்தை நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொன்னால், ‘விசாரணையில் இதைச் சொல்லவில்லை, இப்போது சேர்த்துச் சொல்கிறீர்கள்’ என்று எதிர்த்தரப்பு மடக்கும். நம் மாணவி சாதிச் சொல்லை முதல் வாக்குமூலத்தில் கூச்சத்தால் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் நின்று சொன்னால் அதற்குத்தான் ஆளாவார். எனவே சம்பவம் நடந்த அன்றே, யாரோடும் கலந்து பேசும் முன், பார்த்ததையும் கேட்டதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது நல்லது. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு மாணவர்கள் எழுதித் தரலாம். அப்போது ‘எத்தனை பேர் அடிச்சாங்க, மூணு பேரா?’ என்று கேட்கக் கூடாது. ‘என்ன பார்த்தீங்க?’ என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுத வேண்டும். இயக்கத் தோழர்கள் ஒரே வாக்குமூலத்தை எழுதி எல்லாருக்கும் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பது அதைவிட ஆபத்து. வேறு வேறு இடத்தில் நின்ற மூன்று பேர் ஒரே வார்த்தையில் பேச முடியாது. பேசினால் சொல்லிக்கொடுத்தது என்பது வெளிப்படை.

கூண்டில் நிற்கும்போது

நீதிமன்றத்தில் மூன்று பதில்களைச் சாட்சிகள் குழப்பிக்கொள்கிறார்கள். ‘தெரியாது’ என்றால் அந்த விஷயத்தை நான் அறியவே இல்லை. ‘பார்க்கவில்லை’ என்றால் நடந்திருக்கலாம், என் கண்ணில் படவில்லை. ‘ஞாபகம் இல்லை’ என்றால் பார்த்தேன், இப்போது மறந்துவிட்டது. அண்ணனிடம் ‘அடித்தபோது டீக்கடை திறந்திருந்ததா?’ என்று கேட்டால் சரியான பதில் ‘அடித்தபோது நான் அங்கே இல்லை, நான் போனபோது திறந்திருந்தது’ என்பது. ‘ஆமாம்’ என்று ஒரு சொல்லில் தலையாட்டினால், அடித்தபோது அவர் அங்கே இருந்ததாகிவிடும். கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே நீதிபதியிடம் சொல்லலாம்.

சரியாகச் சொல்லப்பட்ட சாட்சியம் எல்லா வழக்கையும் காப்பாற்றிவிடாது. மிரட்டல் இருக்கிறது, சமரசப் பேச்சு இருக்கிறது, ஆண்டுக்கணக்கான தாமதம் இருக்கிறது. சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கவும், விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகும் பயணச் செலவு கேட்கவும் 15ஏ பிரிவு உரிமை தந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் அதையும் இதே முறையில் புகார் செய்ய வேண்டும். ‘மிரட்டுகிறார்கள்’ என்று எழுதாமல், எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார், என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுத வேண்டும்.

நம் மூன்று சாட்சிகளும் அப்படிச் சொன்னால் வழக்கு எப்படி நிற்கும் என்று பாருங்கள். மறித்ததையும் அடித்ததையும் பாட்டி சொல்கிறார். சாதிச் சொல்லையும், பொது இடத்தில் இருந்தவர்களையும் மாணவி சொல்கிறார். அடுத்த சில நிமிடங்களில் கண்ட நிலையை அண்ணன் சொல்கிறார். தோளில் இருந்த காயத்தை டாக்டர் சொல்கிறார். ஒருவர்கூட முழுக் கதையைச் சொல்லவில்லை. நான்கையும் சேர்த்துப் படிக்கும் நீதிபதிக்கு முழுக் கதையும் கிடைக்கிறது.